லெதர் ஷூவுக்கு மாறியும் அரிப்பு ஏன் போகவில்லை?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 41. நாள் முழுக்க நின்று பார்க்கும் வேலை. எட்டு மாதமாக இரண்டு பாதங்களின் மேல்புறத்திலும் விரல்களின் மேலும் தாங்க முடியாத அரிப்பு. சிவந்து தடித்து, சில நாள் சின்னச் சின்னக் கொப்புளமாகி நீர் வடிகிறது. விரல் இடுக்கில் எதுவும் இல்லை. மருந்துக் கடையில் பூஞ்சைக்கு என்று ஒரு களிம்பு தந்தார்கள், பலன் இல்லை. அப்புறம் வேறொன்று தந்தார்கள். அதைப் போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்பி வருகிறது. ரப்பர்தான் காரணம் என்று ஒருவர் சொன்னதால் கேன்வாஸ் ஷூவைத் தூரப் போட்டுவிட்டு அசல் லெதர் ஷூ வாங்கினேன். பத்தே நாளில் முன்பைவிட மோசம். எனக்கு லெதரும் சேராதா? இனி எதைத்தான் போடுவது?

பதில்:

லெதர் சேராது என்று இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள். நீங்கள் மாற்றியது ஷூவின் வெளிப்புறத்தை மட்டும்தான். உங்கள் பாதத்தோடு உரசிக்கொண்டிருக்கும் உட்புறம் இரண்டு ஷூவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

ஒரு ஷூவைக் குறுக்காக அறுத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். விரல்களை மூடும் முன்பகுதி அமுங்கிப் போகாமல் இருக்க, மேல்தோலுக்கும் உள்துணிக்கும் நடுவே விறைப்பான ஒரு அடுக்கு வைத்திருப்பார்கள். குதிகாலைச் சுற்றியும் அப்படி ஒன்று உண்டு. இந்த அடுக்கு, உள்துணி, பாதம் படும் இன்சோல், அடியில் உள்ள சோல் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பிடித்து வைப்பது பசை. விறைப்பு அடுக்கிலும் இன்சோலின் நுரையிலும் ரப்பர் இருப்பது சகஜம். 'அசல் லெதர்' என்ற முத்திரை மேல்தோலைப் பற்றி மட்டுமே பேசுகிறது. உள்ளே என்ன ரப்பர், என்ன பசை என்று அது சொல்வதில்லை. கேன்வாஸிலிருந்து லெதருக்கு மாறியவர்கள் "ரப்பரை விட்டுவிட்டேன்" என்று நம்பிக்கொண்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

இது பூஞ்சையா, அலர்ஜியா என்பதை முதலில் பார்த்துவிடலாம். சேற்றுப்புண் எனப்படும் பூஞ்சைத் தொற்று பெரும்பாலும் விரல் இடுக்கில் தொடங்கும். அதுவும் நான்காவது, ஐந்தாவது விரல்களுக்கு நடுவே வெளுத்து ஊறிப்போன மாதிரி இருக்கும். ஒரு காலில் அதிகம், மறு காலில் குறைவு என்றும் வரும். செருப்பு அலர்ஜி அதற்கு நேர் எதிர். இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி, விரல்களின் மேல்புறத்தில் வரும், இடுக்குகளை விட்டுவிடும். காரணம், ஷூவின் உள்பக்கம் விரல்களின் மேடான பகுதியைத்தான் தொடுகிறது, இடுக்குக்குள் அது போவதில்லை. நீங்கள் எழுதியிருப்பது கிட்டத்தட்ட அச்சு அசலாக அலர்ஜியின் படம்.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை உண்டு. போட்டால் அடங்கி விட்டால் திரும்பும் அந்த இரண்டாவது களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் ஒன்றாகப் போட்ட களிம்புகள் நிறைய விற்கின்றன. இவை பூஞ்சையைக் கொல்லாமல் அதன் முகத்தை மட்டும் மாற்றிவிடுவது உண்டு. அப்புறம் பார்க்கிற டாக்டருக்கும் அது பூஞ்சை என்றே தெரியாது. எனவே சரும மருத்துவரிடம் போகும்போது, படையின் ஓரத்தைச் சுரண்டி எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். எளிய சோதனைதான், அங்கேயே முடிவு தெரிந்துவிடும். அலர்ஜியும் பூஞ்சையும் ஒரே காலில் சேர்ந்து இருப்பவர்களும் உண்டு.

சரி, அலர்ஜிதான் என்று வைத்துக்கொள்வோம். எதனால்?

ரப்பர் என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் இந்த வகைப் படைக்குப் பெரும்பாலும் காரணம் ரப்பர் மரத்துப் பால் அல்ல. பாலுக்கு வரும் அலர்ஜி வேறு ரகம்: ரப்பர் கையுறை போட்ட சில நிமிடங்களில் தடிப்பு, தும்மல், சில சமயம் மூச்சிறைப்பு என்று வரும். கால் படைக்குக் காரணம், ரப்பரை இறுக வைக்கும் வேலையில் அது சீக்கிரம் நடக்கட்டும் என்று சேர்க்கும் ரசாயனங்கள். அவற்றில் ஷூ விஷயத்தில் அதிகம் அகப்படுவது மெர்காப்டோபென்சோதயசோல். எம்.பி.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். தையூரம், கார்பமேட், தையோயூரியா என்று இன்னும் சில குடும்பங்கள் உண்டு. தையோயூரியா, நீச்சல் உடை தைக்கும் நியோப்ரீன் ரப்பரில் வருவது. நியோப்ரீன் வைத்த விளையாட்டு ஷூக்களிலும் இருக்கும். ரப்பர் தயாரான பிறகும் இந்த ரசாயனங்கள் முழுவதும் கரைந்து போவதில்லை, மிச்சம் அதற்குள்ளேயே தங்கிவிடும். கால் வியர்க்கும்போது அந்த மிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து சருமத்துக்கு வருகிறது. மூடிய ஷூவில், வெப்பமான நாளில், நாள் முழுக்க நின்றால் படை அதிகமாவது இதனால்தான்.

அடுத்தது பசை. ஷூ தயாரிப்பில் நியோப்ரீன் பசை பரவலாகப் பயன்படுகிறது. அது நன்றாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காக பாரா டெர்ஷியரி பியூட்டைல்ஃபீனால் ஃபார்மால்டிஹைடு ரெசின் என்ற நீளமான பெயர் கொண்ட ஒன்றைச் சேர்ப்பார்கள். பேசும்போது ஃபீனால் ரெசின் என்று வைத்துக்கொள்வோம். பைன் மரப் பிசினிலிருந்து வரும் கொலோஃபனியும் சில பசைகளில் உண்டு. விரல்களின் மேல்புறத்தில் மட்டும் படை வந்தால் எனக்கு முதல் சந்தேகம் இந்தப் பசை மீதும், விறைப்பு அடுக்கில் உள்ள ரப்பர் மீதும்தான்.

லெதரையும் விட்டுவிட முடியாது. உலகில் பெரும்பாலான லெதர் குரோமியம் உப்பில் பதனிடப்படுகிறது. பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம், அது அவ்வளவு வம்பு செய்யாது. ஆனால் அதில் ஒரு பகுதி பிற்பாடு ஆறு இணைதிறன் குரோமியமாக மாறக்கூடும். சருமத்துக்குள் எளிதாக நுழைந்து அலர்ஜி உண்டாக்குவது அதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே மாதம் முதல், சருமத்தில் படும் லெதர் பொருள்களில் இது ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று கட்டுப்பாடு கொண்டு வந்தது. குரோமியம் காரணம் என்றால் படை விரல் நுனியோடு நிற்காது. லெதர் தொடும் இடம் முழுவதும் பாதத்தின் மேல்புறத்தில் விரியும், வாரின் தடமும் விழும். சிமென்ட் வேலை செய்து கையில் நாள்பட்ட படை வந்தவர்களுக்கு லெதர் ஷூவிலும் வருவது இதே குரோமியத்தால்தான்.

சாயம் காரணமாவது இவற்றை விடக் குறைவு. கருப்பு முடிச்சாயம் போட்டுத் தலை, நெற்றி வீங்கிய அனுபவம் உங்களுக்கு இருந்தால் சாயத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். முடிச்சாயத்தில் உள்ள பாராபினைலீன்டையமின் என்ற பொருளும், லெதர் மற்றும் துணிச் சாயங்கள் சிலவும் ஒரே ரசாயன உறவு வட்டத்தைச் சேர்ந்தவை. ஈரம் பட்டதும் சாக்ஸில் நிறம் ஒட்டும் ஷூ என்றால் அந்தச் சாயம் உங்கள் காலுக்கும் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

படை எங்கே விழுகிறது என்பது நல்ல துப்பு. உள்ளங்காலில், தரையில் அழுந்தும் இடங்களில் மட்டும் வந்து நடுவில் உள்ள குழிவை விட்டிருந்தால் இன்சோலைச் சந்தேகிக்க வேண்டும். ரப்பர் செருப்பின் வார் தடத்தில் வி வடிவமாக விழுந்தால் பதிலைத் தேடிப் போக வேண்டியதில்லை. குதிகாலின் பின்பக்கம் என்றால் அங்குள்ள விறைப்பு அடுக்கும் பசையும். ஆனால் துப்பு என்பது தீர்ப்பு ஆகாது. ஒரே இடத்தில் ரப்பர், பசை, லெதர் மூன்றும் அடுக்கடுக்காக இருப்பதால் எது குற்றவாளி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் பேட்ச் டெஸ்ட்.

"இத்தனை வருஷம் இதே மாதிரி ஷூதானே போட்டேன், இப்போது மட்டும் எப்படி?" என்று பலர் கேட்பார்கள். இந்த அலர்ஜி அப்படித்தான் வரும். உடம்பின் காவல் செல்கள் அந்த ரசாயனத்தை அடையாளம் கண்டுகொள்ள மாதங்களும் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். ஒருமுறை அடையாளம் கண்டுவிட்டால் அப்புறம் ஒவ்வொரு முறை பட்டாலும் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் படை கிளம்பும். இந்தத் தாமதம்தான் ஆளைக் குழப்புவது. திங்கட்கிழமை போட்ட ஷூவுக்கு புதன்கிழமை அரித்தால், அன்று போட்ட செருப்பின் மேல்தான் பழி விழும்.

பேட்ச் டெஸ்ட் இந்தத் தாமதத்தை வைத்தே அமைக்கப்பட்ட சோதனை. ஊசி, ரத்தம் எதுவும் இல்லை. சந்தேகப்படும் ரசாயனங்களைத் தனித்தனியாக, நிர்ணயித்த அளவில் வாசலினில் கலந்து வைத்திருப்பார்கள். எம்.பி.டி. என்றால் 2 சதவீதம், ஃபீனால் ரெசின் 1 சதவீதம், குரோமியத்துக்குப் பொட்டாசியம் டைகுரோமேட் 0.5 சதவீதம். இவற்றைச் சிறு குப்பிமூடி போன்ற கிண்ணங்களில் எடுத்து முதுகின் மேல்பகுதியில் வரிசையாக ஒட்டிவிடுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். நான்காவது நாள் வாக்கில் இன்னொரு முறை பார்ப்பார்கள். அந்த இரண்டாவது பார்வை மிக முக்கியம், அதைத் தவறவிட்டால் பாதிச் சோதனைதான் செய்த மாதிரி. ஒட்டியிருக்கும் நாள்களில் முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்வை கொட்டும் வேலை கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முதுகில் ஒரு வாரமாவது ஸ்டீராய்டு களிம்பு போட்டிருக்கக் கூடாது. கால் படை உச்சத்தில் இருக்கும்போதும் செய்யாமல், கொஞ்சம் அடங்கிய பிறகு செய்வது நல்லது.

எல்லோருக்கும் வைக்கும் பொதுவான ரசாயன வரிசை மட்டும் ஒட்டினால் போதாது. "ஷூ வரிசையும் வைப்பீர்களா, என் ஷூவையே வெட்டி வைக்க முடியுமா?" என்று கேளுங்கள். ஷூவின் இன்சோல், உள்துணி, மேல்தோல், முன்பகுதியின் விறைப்பு அடுக்கு ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் சதுரத்துக்கு மிக மெல்லிய சீவல் எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் நனைத்து ஒட்டுவோம். தடிமனாக வெட்டினால் அழுத்தத்தாலேயே சருமம் சிவந்து பொய்யான பதில் தரும். பசையையோ சாயத்தையோ வீட்டிலேயே கையில் தடவிப் பார்க்கும் யோசனை மட்டும் வேண்டாம். உலராத பசை யாருடைய சருமத்தையும் புண்ணாக்கும், அதை வைத்து அலர்ஜி என்று சொல்ல முடியாது.

என்னிடம் வந்த ஒருவரின் கதை உங்களுடையதைப் போன்றது. சமையல் கூடத்தில் நாள் முழுக்க நிற்பவர். கருப்பு லெதர் ஷூ, விரல்களின் மேல் படை. லெதர்தான் சேரவில்லை என்று உறுதியாக நம்பிக்கொண்டு வந்தார். இரண்டாவது நாள் முதுகில் எம்.பி.டி. வைத்த இடத்தில் லேசான சிவப்பு மட்டும், பெரிதாக ஒன்றும் இல்லை. நான்காவது நாள் அதே இடம் தடித்து, சிறு பருக்களோடு நன்றாகச் சிவந்திருந்தது. ஃபீனால் ரெசின் வைத்த இடமும் சிவந்திருந்தது. குரோமியம் வைத்த இடத்தில் எதுவும் இல்லை. அவருடைய ஷூவிலிருந்து சீவி எடுத்தவற்றில் இன்சோலும் முன்பகுதி விறைப்பு அடுக்கும் சிவப்புக் காட்டின, மேல்தோல் காட்டவில்லை. ஆக, அவர் பழி போட்ட லெதர் நிரபராதி. ரப்பரும் பசையும் சேர்ந்து செய்த வேலை அது.

ஷூவை மாற்றினார், களிம்பு போட்டார், மூன்று வாரத்தில் கால் நன்றாக ஆறிவிட்டது. அடுத்த மாதமே மறுபடி படை. புதிய ஷூவில் சந்தேகப்பட எதுவும் இல்லை. விசாரித்தபோது பழைய சாக்ஸையே துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. எம்.பி.டி. ஷூவிலிருந்து சாக்ஸுக்கு இறங்கிவிடும், சாதாரணமாகத் துவைத்தால் முழுக்கப் போகாது. சாக்ஸ் காலைக் காக்கும் என்று நினைக்கிறோம், பழைய சாக்ஸ் இங்கே ஷூவின் வேலையையே செய்கிறது. நீங்களும் பழைய ஷூவோடு போட்ட சாக்ஸ் அத்தனையையும் ஒதுக்கிவிடுங்கள். கேன்வாஸ் ஷூவை விட்ட பிறகும் அதே சாக்ஸைத்தான் லெதர் ஷூவுக்குள் போட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

இனி எதைப் போடுவது என்ற கேள்விக்கு வருகிறேன். கடையில் பொருளின் பெயரை மட்டும் கேட்காமல், அது எப்படிச் செய்யப்பட்டது என்றும் கேட்க வேண்டும். ஒட்டியதா, தைத்ததா, ஒரே வார்ப்பா?

சோதனை முடிவு வரும்வரை உங்களுக்குப் பாதுகாப்பானது ஒரே வார்ப்பில் செய்த பி.வி.சி. அல்லது பாலியூரித்தேன் செருப்பு. வாரும் சோலும் ஒன்றாகவே உருக்கி வார்த்தது, பசையும் இல்லை, தனியாக ஒட்டிய இன்சோலும் இல்லை. கையில் எடுத்து ஓரங்களைப் பாருங்கள். இரண்டு அடுக்கு சேரும் கோடு தெரிந்தால் அங்கே பசை இருக்கும். வார் தனித் துண்டாகச் சொருகியிருந்தாலும் வாரின் பொருள் என்னவென்று கேட்க வேண்டும், சோல் பிளாஸ்டிக்காகவும் வார் ரப்பராகவும் இருக்கும் செருப்புகள் உண்டு.

நுரை மாதிரி எடை குறைந்த ஈ.வி.ஏ. செருப்பை ரப்பருக்கு மாற்று என்று பலர் சொல்வார்கள். எம்.பி.டி. பிரச்சினை என்றால் பெரும்பாலும் அது உதவும். ஆனால் ஈ.வி.ஏ. நுரையில் அசிட்டோஃபினோன் அசைன் என்ற பொருள் உருவாகி அலர்ஜி கொடுப்பது கடந்த சில ஆண்டுகளில் தெரிய வந்திருக்கிறது. கால்பந்து ஆடும் சிறுவர்களின் முழங்கால் கீழ்க் காப்பில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள், அப்புறம் ஷூக்களிலும் அகப்பட்டது. அமெரிக்கத் தொடர்பு ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 2021ஆம் ஆண்டின் அலர்ஜிப் பொருளாக அதைத்தான் அறிவித்தது. எனவே ஈ.வி.ஏ. போட்டும் அடங்கவில்லை என்றால் "ரப்பரே இல்லையே" என்று அதை விட்டுவிடாதீர்கள்.

சோதனையில் ரப்பர் ரசாயனமும் பசையும் வந்தால், குரோமியம் வராத பட்சத்தில், லெதரை நீங்கள் தாராளமாகப் போடலாம். தைத்த லெதர் செருப்பு, விறைப்பு அடுக்கு இல்லாத மென்மையான மொக்கசின் வகை, லெதர் அல்லது பாலியூரித்தேன் சோல் வைத்தது என்று தேடுங்கள். இன்சோல் கழற்றி மாட்டும் வகையாக இருந்தால், அதை எடுத்துவிட்டு நேரடியாகத் தைத்த லெதர் தளமோ பாலியூரித்தேன் இன்சோலோ போட்டுக்கொள்ளலாம். அதை ஒட்ட வேண்டி வந்தால் செருப்புத் தைப்பவரிடம் ரப்பர் பசை வேண்டாம் என்று சொல்லுங்கள். மரம், காகிதம் ஒட்டும் வெள்ளைப் பசை போதும். சும்மா ஒரு லெதர் துண்டை மேலே விரித்தால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம், கீழே உள்ள பசையும் ரப்பரும் வியர்வையோடு அதைத் தாண்டி மேலே வரும்.

குரோமியம் வந்தால் பாதை வேறு. மரப்பட்டைச் சாறு போன்ற தாவரப் பொருளால் பதனிட்ட லெதர், துணி, பிளாஸ்டிக் இவைதான் வழி. லெதரின் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். தாவரப் பதனீட்டில் உள்ளே வரை ஒரே மாதிரிப் பழுப்பாக இருக்கும், குரோம் லெதரில் நடுவில் சாம்பல் நீலம் தெரிவது வழக்கம். முழுக்கச் சாயம் ஏற்றிவிட்டால் இந்த அடையாளம் மறைந்துவிடும், ஆகவே இதை ஒரு துணைச் சான்றாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை லெதர், விலை உயர்ந்த லெதர் என்பதெல்லாம் குரோமியம் இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது. சாயம் வந்தால் சாயமேற்றாத இயற்கை நிற லெதரும் வெளிர் நிறத் துணியும். 'வீகன் லெதர்' என்று விற்பதில் குரோமியம் இருக்காது, சரி. ஆனால் அது துணியின் மேல் பிளாஸ்டிக் பூசி, பசை போட்டுச் செய்த ஷூவாக இருக்கும். பசை அலர்ஜிக்காரருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்பதாக இருந்தால் "உங்கள் ஷூ அலர்ஜி தராததா?" என்று கேட்காதீர்கள், 'ஆம்' என்றுதான் பதில் வரும். இன்சோலிலும் முன்பகுதியிலும் எந்தப் பசை, அதில் இந்த ரெசின் உண்டா, ரப்பரில் எம்.பி.டி. உண்டா என்று சோதனைத் தாளில் இருக்கும் பெயரையே எழுதுங்கள். பதில் கிடைத்தாலும், அதே மாடலில் அடுத்த ஆண்டு பசை மாறியிருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது. இரண்டு ஷூக்களையும் பழைய சாக்ஸையும் விடுங்கள். ஆனால் எறிய வேண்டாம், சோதனைக்கு வேண்டும். நீர் வடியும் நாள்களில் சுத்தமான துணியை வெறும் தண்ணீரில் நனைத்து, 15 நிமிடம் வைத்து எடுங்கள், நாளைக்கு இரண்டு மூன்று தடவை செய்யலாம். பாதத்தின் தடித்த படைக்கு வீரியமுள்ள ஸ்டீராய்டு களிம்பு சில வாரம் தேவைப்படும். அதை மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் காலம் வரை மட்டும் போட வேண்டும், இப்போது கையில் இருக்கும் கலவைக் களிம்பைத் தொடர வேண்டாம். இரவில் நன்றாக ஈரப்பசை தரும், வாசனை சேர்க்காத களிம்பு. வேலை இடத்தில் மூடிய ஷூ கட்டாயம் என்றால் புதிய பருத்தி சாக்ஸ் போட்டு, நடுவேளையில் ஒரு ஜோடி மாற்றுங்கள். வியர்வை குறைந்தால் கசிவும் குறையும், ஆனால் அதனால் மட்டும் படை முழுசாகப் போய்விடாது. அலர்ஜிப் பொருள் விலகிய பிறகு கால் ஆற இரண்டிலிருந்து ஆறு வாரம் எடுக்கும். எனவே ஒரு வாரம் புதுச் செருப்பு போட்டுவிட்டு "பலன் இல்லை" என்று முடிவு செய்யாதீர்கள்.

சிவப்பு மேலே ஏறிக்கொண்டே போனால், சீழ் பிடித்தால், காய்ச்சல் வந்தால் பேட்ச் டெஸ்டுக்குக் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை நோய் இருப்பவர் என்றால் இன்னும் சீக்கிரம்.

சோதனையில் எதுவுமே வரவில்லை என்றால் அலர்ஜி இல்லை என்று ஆகிவிடாது. வைத்த வரிசையில் உங்கள் பொருள் இல்லாமல் இருந்திருக்கலாம். அப்போது ஷூவை முழுக்க விட்டு ஆறு வாரம் பார்ப்பதும், சொரியாசிஸ் போன்ற வேறு காரணங்களைத் தேடுவதும்தான் அடுத்த கட்டம்.

ஏதாவது ஒன்று வந்துவிட்டால் அந்த அலர்ஜி பொதுவாக ஆயுள் முழுக்க இருக்கும், காலோடு நிற்காமலும் போகலாம். எம்.பி.டி. வந்தவர்கள் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைப் பார்த்து வாங்க வேண்டும். பி.வி.சி. கையுறை அவர்களுக்கு ஆகும். ஃபீனால் ரெசின் வந்தவர்களுக்குப் பசை போட்டு ஒட்டிய லெதர் வாட்ச் பட்டையும், முழங்கால் உறையும் வம்பு செய்யலாம். கொலோஃபனி வந்தவர்கள் சில வகை மருத்துவப் பிளாஸ்திரியை ஒட்டும் முன் நர்ஸிடம் சொல்லிவிட வேண்டும். சோதனைத் தாளின் ஒரு நகலைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஷூ வாங்கும் அன்று அது உதவும்.